ரூஃபில் கூடுதலாகப் போன 17 மூட்டை: சின்ன சைட்டில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதும் விதம்

கேள்வி: எங்க வீட்டு வேலை லேபர் கான்ட்ராக்ட்ல நடக்குது. சாமான் எல்லாம் நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். வந்தது, போனது ரெண்டையும் ஒரு நோட்ல எழுதிட்டு வர்றேன். 1000 சதுர அடி ரூஃப், 5 இன்ச் கனம், பீமோட சேர்த்து சுமார் 500 கன அடி கான்கிரீட். இன்ஜினியர் கணக்குப்படி 114 மூட்டை. ஆனா 131 மூட்டை போயிருக்கு. மேஸ்திரியைக் கேட்டா "சேதாரம் சார்"ங்கிறார். இது சேதாரமா, திருட்டா? ரிஜிஸ்டரை எப்படி எழுதினா இது தெரியும்?

பதில்:

மேஸ்திரியிடம் இன்னொரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் ஒரு டேப்பையும் ஒரு துண்டு கட்டுக்கம்பியையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இன்ஜினியர் சொன்ன 114 சரிதான். 1:1½:3 கலவையில் 100 கன அடி கான்கிரீட்டுக்கு 23 மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் அது ரூஃப் எல்லா இடத்திலும் 5 இன்ச்தான் இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. சென்ட்ரிங் தகடு நடுவில் இறங்கியிருந்தாலோ, முட்டு கொடுத்த இடம் மண் அமுங்கியிருந்தாலோ, மேலே லெவல் பார்த்துத் தேய்க்கும்போது அந்தப் பள்ளம் முழுக்கக் கான்கிரீட்டால் நிரம்பிவிடும். 1000 சதுர அடியில் சராசரியாக அரை இன்ச் கூடினால் 42 கன அடி. அதாவது கிட்டத்தட்ட 9½ மூட்டை. உங்கள் 17-இல் பாதிக்கு மேல் அங்கேயே, உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம்.

ஓரத்தில் அளந்து பார்த்துவிட்டு "5 இன்ச் சரியாத்தான் இருக்கு" என்று இறங்கிவிடாதீர்கள். ஓரத்தில் பலகை 5 இன்ச்சுக்கு வைத்து அடித்திருப்பார்கள், அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பாத்ரூம் குழாய்க்கு விட்ட ஓட்டை, மாடிப்படி திறப்பு என்று ரூஃபின் உள்பக்கம் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ, அங்கே கம்பியை எல் மாதிரி வளைத்து உள்ளே விட்டு, அடியில் கொக்கி மாட்டி, மேல்மட்டத்தில் விரலால் பிடித்து அளங்கள். நாலைந்து இடம் கிடைத்தால் போதும். ஓட்டையே இல்லாத அறைகளில் டியூப் லெவல் வைத்து அடிப்பக்கம் எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. திருச்சிப் பக்கம் ஒரு வீட்டில், நான் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், இதே மாதிரி ரூஃபில் 14 மூட்டை உதைத்தது. வீட்டுக்காரர் மேஸ்திரியை எல்லார் முன்னாலும் திருடன் என்று சொல்லிவிட்டார். அவர் சாமானைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு புதிதாக வந்தவர் ஹால் சீலிங் பூசக் கயிறு கட்டியபோதுதான் தெரிந்தது, நடுவில் முக்கால் இன்ச் தொங்கியிருக்கிறது. மூட்டை எல்லாம் சீலிங்கில்தான் இருந்தது. பழைய மேஸ்திரி திரும்பி வரவில்லை.

உங்கள் நோட்டில் என்ன குறை என்றால், வந்தது இருக்கிறது, போனது இருக்கிறது, அந்தச் சிமெண்ட் எந்த வேலைக்குள் போனது என்பது இல்லை. வரவும் செலவும் மட்டும் எழுதிய நோட்டு எப்போதும் டேலி ஆகும். திருடினவன் எடுத்ததும் செலவுதானே. 200 மூட்டை வந்தது, 200 மூட்டை போனது, இருப்பு 0 என்று அழகாக முடிந்துவிடும். அந்த நோட்டால் யாரையும் பிடிக்கவும் முடியாது, யாரையும் காப்பாற்றவும் முடியாது.

ஒரு நாள் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். செங்கல் கட்டு நடக்கும் ஒரு நாள், 3 கொத்தனார். காலையில் இருப்பு 42 மூட்டை.

| நேரம் | விவரம் | வரவு | செலவு | காலிச் சாக்கு திரும்பியது | இருப்பு |
|---|---|---|---|---|---|
| காலை 7:30 | சலான் 118, கடை லோடு | 50 | | | 92 |
| காலை 8:40 | ஹால் கிழக்குச் சுவர், கட்டு | | 4 | | 88 |
| மதியம் 1:50 | அதே சுவர் | | 3 | 4 | 85 |
| மாலை 5:30 | உடைக்காத மூட்டை திரும்பியது | 1 | | 2 | 86 |
| | இன்றைய வேலை: 9 இன்ச் கட்டு, 160 கன அடி, 6 மூட்டை | | | | |

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வாங்கினவர் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் பெயரை எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இதில் மற்றக் கட்டங்கள் எல்லா நோட்டிலும் இருப்பவை. கடைசி வரிதான் உயிர். நம்மூர் செங்கல்லில் 1:6 கலவையில் 100 கன அடி கட்டுக்கு 3½ முதல் 4 மூட்டை போகும். 160 கன அடிக்கு 6 மூட்டை என்பது சரியான எண். மாலையில் சுவரின் நீளத்தையும் அன்று ஏறிய உயரத்தையும் டேப்பில் பிடித்து, முக்கால் அடியால் பெருக்கினால் கன அடி வந்துவிடும், ஜன்னல் கதவு இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு மீதி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

நேரம் என்ற கட்டத்தையும் விடாதீர்கள். பலருக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு பூச்சு வேலை நடக்கும்வரை. 12 மில்லி கனத்தில் 1:5 உள்பூச்சுக்கு 100 சதுர அடிக்குச் சுமார் 1 மூட்டை பிடிக்கும். சுவர் கோணலாக இருந்தால் கொஞ்சம் கூடும். முதல் வாரம் 900 சதுர அடிக்கு 9 மூட்டை. இரண்டாம் வாரமும் அதே விகிதம். நாலாவது வாரம் 760 சதுர அடிக்கு 12 மூட்டை. அதே கொத்தனார்கள், அதே செங்கல், அதே கயிறு. நான் முதலில் சுவர் கோணலைத்தான் சந்தேகப்பட்டேன், போய்ப் பார்த்தேன், கோணல் இல்லை. அப்புறம் நோட்டைப் புரட்டினால், கூடுதலாகப் போன மூட்டைகளில் பெரும்பகுதி சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் இஷ்யூ ஆனவை. சனிக்கிழமை சம்பள நாள். மூன்று மணிக்கெல்லாம் கரண்டி கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். நாலு மணிக்கு மூட்டை உடைத்து என்ன பூசுவது? பக்கத்துத் தெருவில் ஒருவர் காம்பவுண்டு சுவருக்கு "சில்லறையாக" சிமெண்ட் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரக் கட்டம் இல்லாமல் போயிருந்தால் நாலாவது வாரத்தையும் "சேதாரம்" என்று எழுதி மூடியிருப்பேன்.

சேதாரம் அன்றாடம் நடப்பது, வேலையோடு சேர்ந்தே ஏறி இறங்குவது. கலவை சட்டியில் ஒட்டியது, சாரத்தில் சிந்தியது, மாலையில் மிஞ்சி இறுகியது, இதெல்லாம் நூறு சதுர அடிக்கு இவ்வளவு என்று ஏறத்தாழ ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும். போய்ப் பார்த்தால் கண்ணுக்கும் தெரியும், சுவரடியில் இறுகிக் கிடக்கும். திருட்டு அப்படி வராது. இரண்டு வாரம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று ஒரு நாளில் மூன்று மூட்டை. சம்பள நாள், பண்டிகைக்கு முன் வாரம், ஒரு கட்ட வேலை முடிந்து ஆள் மாறும் நாட்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாட்கள். சிமெண்டுக்குச் சேதாரம் என்று 2 முதல் 3 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கேட்க வேண்டும். அதே போல, ஒவ்வொரு வாரமும் பிசகாமல் 3 சதவீதம் என்றே வந்தால் அதையும் கேட்க வேண்டும், யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

இனி காலிச் சாக்கு. புது மூட்டை வேண்டுமென்றால் பழைய காலிச் சாக்கைக் கொடு என்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். நாள் முடிவில் செலவான மூட்டையும் திரும்பிய சாக்கும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. காலிச் சாக்கு சில ரூபாய்க்கு எங்கும் கிடைக்கும். முழு மூட்டையை வெளியே தள்ளிவிட்டு, வேறு சைட்டில் எடுத்த காலிச் சாக்கைக் கொண்டுவந்து கணக்குக் காட்டுவார்கள். அதனால் இஷ்யூ செய்யும்போதே ஒவ்வொரு மூட்டையின் மேலும் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு கோடு. வாரத்துக்கு ஒரு நிறம் மாற்றுங்கள். திரும்பி வரும் சாக்கில் அந்தக் கோடு இருக்க வேண்டும். வாங்கிய சாக்குகளைக் கட்டி ஸ்டோருக்குள்ளேயே வையுங்கள், வெளியே போட்டால் நாளைக்கு அதே சாக்கு மறுபடியும் உங்களிடமே வரும்.

வரவுப் பக்கத்தில் நடக்கும் தவறு வேறு வகை. லோடு இறக்கும்போது ஆட்கள் தூக்கிக்கொண்டு போவதை எண்ணுகிறோம் என்று வாசலில் நிற்பார்கள். 30-க்கு மேல் யாருக்கும் எண்ணிக்கை நிற்காது, நடுவில் போன் வரும், டீ வரும். இறக்கி முடித்த அடுக்கை எண்ணுங்கள். 10 மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம், அதற்கு மேல் போனால் அடி மூட்டை அழுத்தத்தில் கட்டியாகிவிடும். அகலம் இரண்டு வரிசைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாலு வரிசையாக அடுக்கினால் நடுவில் பொந்து விட்டு அடுக்க முடியும், வெளியிலிருந்து பார்த்தால் முழு அடுக்கு மாதிரிதான் தெரியும். தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால் ஈரமும் ஏறாது, சுற்றி நடந்து எண்ணவும் முடியும். பழைய லோடு முன்னால், புது லோடு பின்னால். சலானில் கையெழுத்துப் போடுவது எண்ணி முடித்த பிறகுதான், டிரைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும். குறைந்தால் சலானின் இரண்டு காப்பியிலும் "48 மட்டும்" என்று எழுதிக் கையெழுத்து. அன்றைக்கே கடைக்குப் போன். மறுநாள் சொன்னால் எடுபடாது.

கம்பியில் கணக்கு வேறு மாதிரி ஓடும். வாங்குவது எடையில், கொடுப்பது எண்ணிக்கையில், கட்டுவது நீளத்தில். இந்த மூன்றையும் இணைக்காவிட்டால் ரிஜிஸ்டர் பிரயோஜனமில்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லி என்றால் 0.89 கிலோ. 12 மீட்டர் முழுக் கம்பி ஒன்று 10.66 கிலோ. ஒரு டன்னுக்கு 94 கம்பி வர வேண்டும். எடைமேடைச் சீட்டு 1000 கிலோ என்று சொல்கிறது, எண்ணினால் 88 கம்பிதான் என்றால், ஒன்று சீட்டில் தில்லுமுல்லு, இல்லை கம்பி அளவுக்கு மேல் கனம். இந்தியத் தரநிலை 12 மில்லி கம்பிக்கு 5 சதவீதம் வரை கூடக் குறைய விடுகிறது. அதாவது 90-லிருந்து 98 வரை வந்தால் சரி என்று விட்டுவிடலாம். 88 அதற்கு வெளியே. அதனால் வரவில் எடையையும் எண்ணிக்கையையும் இரண்டையும் எழுதுங்கள். இஷ்யூ மட்டும் எப்போதும் எண்ணிக்கையில்: "12 மில்லி, 22 கம்பி, முன் வரிசை பில்லருக்கு."

கம்பி முழுசாக வெளியே போவது அபூர்வம். 40 அடிக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். அது துண்டாகத்தான் போகும். வேண்டுமென்றே முழுக் கம்பியில் வெட்டி, 3 அடி 4 அடித் துண்டுகளை "வேஸ்ட்" என்று மூலையில் சேர்த்து, மாதக் கடைசியில் பழைய இரும்புக்காரரை வரச் சொல்வார்கள். அந்தக் காசு டீச் செலவு என்பது பல சைட்டில் எழுதாத உரிமை. இதைத் தடுக்க நான் செய்வது ஒன்றுதான். 3 அடிக்கு மேல் உள்ள எந்தத் துண்டும் வேஸ்ட் இல்லை, அது ஸ்டாக். தனியாக அடுக்கி, ரிஜிஸ்டரில் தனிப் பக்கம். லிண்டல் மேல் கம்பி, சன்ஷேடு, ஸ்லாப் ஓரத்தின் கூடுதல் கம்பி எல்லாம் முதலில் அந்த அடுக்கிலிருந்து. முழுக் கம்பி கேட்டால் "துண்டு அடுக்கைப் பார்த்தாயா?" என்று முதலில் கேட்பது. 3 அடிக்குக் கீழே உள்ளதை எடை போட்டு நீங்களே விற்று, அந்தக் காசில் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுங்கள். மனஸ்தாபம் வராது.

ஒரு கட்டம் முடிந்ததும் போடும் கணக்கு இது: கொடுத்த எடை = கட்டின எடை + துண்டு அடுக்கு + வேஸ்ட். கட்டின எடையைக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் எண்ணிவிட வேண்டும். கான்கிரீட் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் கணக்கு எல்லாம் பேச்சுதான். வரைபடத்தில் 6 இன்ச்சுக்கு ஒரு கம்பி என்று இருந்து, எண்ணும்போது 7 இன்ச்சாக இருந்தால், அங்கே திருட்டும் தரக்குறைவும் ஒரே நேரத்தில் பிடிபடும். அந்த ஒரு நாள் எண்ணிக்கையை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேஸ்ட் 3 சதவீதத்துக்குள் நின்றால் நல்ல கம்பிக்காரர், 5 தாண்டினால் வெட்டுகிறவரை மாற்றுங்கள் அல்லது பக்கத்தில் நில்லுங்கள்.

எம்-சாண்ட், ஜல்லி விஷயத்தில் தினசரி இஷ்யூ எழுத முயல வேண்டாம். சட்டி எண்ணி எழுதுகிற ரிஜிஸ்டர் எல்லாமே இரண்டாம் வாரத்திலிருந்து கற்பனைதான். வரவை மட்டும் கறாராகப் பிடியுங்கள். 3 யூனிட், அதாவது 300 கன அடி, என்று வரும் லாரியின் உள் நீளம், அகலம், சமன் செய்த பிறகு உயரம். 14 அடிக்கு 7 அடி, 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, சரி. உயரம் 2 அடி 9 இன்ச் என்றால் 270-க்குள் வந்துவிடும், 30 கன அடி அங்கேயே போனது. ஒரு கம்பியை நாலு மூலையிலும் நடுவிலும் குத்தி அடி வரைக்கும் இறங்குகிறதா என்று பாருங்கள், மேலே மட்டும் குவித்திருப்பார்கள். ஈர மணல் உப்பியிருக்கும், காய்ந்ததும் அதே மணல் நாலில் ஒரு பங்குகூடக் குறையலாம். ஈரமான லோடு வந்தால் அளவில் வாதாடுங்கள் அல்லது எடையில் வாங்குங்கள். அதற்குப் பிறகு கட்ட முடிவில் ஒரு முறை குவியலை அளந்தால் போதும்.

யார் எழுதுவது என்பதில் ஒரே விதி: சாமானைப் பயன்படுத்துகிறவர் எழுதக் கூடாது. மேஸ்திரி எழுதும் ஸ்டாக் நோட்டு மேஸ்திரியின் நோட்டு. வாட்ச்மேன் எழுதலாம், ஆனால் அவரிடமே சாவியும் இருக்கக் கூடாது. மத்தியப் பொதுப்பணித்துறை வேலைகளில் சிமெண்ட் குடோனுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி துறையிடம், ஒரு சாவி ஒப்பந்தக்காரரிடம். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் திறக்க முடியாது. உங்கள் தகர ஷெட்டுக்கும் இரண்டு பூட்டு மாட்டலாம், பெரிய செலவில்லை. ஒன்றின் சாவி மேஸ்திரியிடம் இருக்கட்டும். "என்னை நம்பலையா" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும், ஏனென்றால் அவர் இல்லாமல் உங்களாலும் திறக்க முடியாது. காணாமல் போனால் அவர் மேல் பழியும் வராது.

நோட்டு பைண்டு செய்ததாக, பக்க எண் போட்டதாக இருக்கட்டும். அடித்தால் ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து. வெள்ளை மை வேண்டாம். முன்பே சொன்னேன், வீட்டில் உட்கார்ந்து எழுதிய நோட்டு என்று. அதைப் பார்த்தவுடன் தெரியும்: ஒரு வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு சிமெண்ட் விரல் ரேகைகூட இல்லை, எண்கள் எல்லாம் 5, 10, 15. உண்மையான சைட் நோட்டு அழுக்காகத்தான் இருக்கும். வாரம் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், நீங்களே போய் அடுக்கை எண்ணி நோட்டின் இருப்போடு ஒத்துப் பார்த்து, அந்த வரியின் கீழே "எண்ணினேன், 86" என்று எழுதுங்கள். 84 இருந்தால் 84 என்றுதான் எழுத வேண்டும், நோட்டுக்கு ஏற்ப இல்லை.

இப்போது உங்கள் 17-க்கு வருகிறேன். ரூஃப் கனம் சராசரி 5½ வந்தால் 9 அல்லது 10 மூட்டை அதிலேயே தீர்ந்தது. ரூஃப் மேல் தண்ணீர் தேக்கப் பாத்தி கட்டியிருப்பார்கள், அதற்கு ஒன்றிரண்டு. பில்லர் தலை, பழைய கான்கிரீட் சேரும் இடங்களில் ஊற்றிய சிமெண்ட் பாலுக்கு ஒன்று. சிந்தியது, இறுகியது மூன்று. இதையெல்லாம் கூட்டினால் 14-லிருந்து 16 வரை வந்துவிடும், மேஸ்திரியிடம் நீங்கள் பேச வேண்டியது சென்ட்ரிங் முட்டுகளைப் பற்றி மட்டும்தான். கனம் 5 இன்ச்சே இருந்தால் கதை வேறு. அப்போது அன்றைக்குக் கடைசியாக மூட்டை கொடுத்தது எத்தனை மணிக்கு, மிக்ஸர் நின்றது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ரூஃப் நாளில் அத்தனை பேருக்கும் ஞாபகம் இருக்கும்.

ரிஜிஸ்டருக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணக்குப்படி 6 மூட்டை வாங்கி, 5-ஐக் கலவையில் போட்டு, 1-ஐ ஒதுக்கினால் நோட்டு அப்படியே டேலி ஆகும், காலிச் சாக்குகூட ஆறு வந்துவிடும், ஒன்றைக் கொட்டி வேறு பையில் மாற்றினால் போதும். சுவர்தான் பலவீனமாக இருக்கும், அது நோட்டில் வராது. கணக்குக்குக் கீழே செலவானாலும் அதே கதை. 160 கன அடி கட்டுக்கு 4 மூட்டைதான் போனது என்றால் மிச்சம் பிடித்தோம் என்று சந்தோஷப்படாதீர்கள், கலவை 1:6 இல்லை, 1:9 ஆகியிருக்கும். மறுநாள் காலையில் மூட்டுக் கலவையை ஆணியால் சுரண்டிப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு ஒரே வழி, மூட்டை உடைபடும் இடத்தில் ஒரு ஆள் நிற்பதுதான். நாள் முழுக்க நிற்க வேண்டாம். ஒரு நாளில் இரண்டு தடவை, சொல்லாமல் போய், ஒரு மூட்டை உடைத்ததும் அதற்கு எத்தனை சட்டி மணல் விழுகிறது என்று வாய்விட்டு எண்ணி, அந்த எண்ணையும் அன்றைய பக்கத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். சட்டி எவ்வளவு பிடிக்கும் என்பதை மட்டும் முதல் நாளே ஒரு காலிச் சிமெண்ட் மூட்டையில் கொட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மூட்டை சிமெண்ட் 1¼ கன அடி, அப்படியானால் 1:6-க்கு 7½ கன அடி மணல்.